அளவுக்கேற்ற வாய்ப்பில், திரும்ப வைத்து மாதிரி எடுத்தல்: மொத்தத்தையும் அதன் பரவற்படியையும் கணக்கிடும் வழிகாட்டி

பத்துப் பண்ணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பரப்பளவும் நம் பட்டியலில் உண்டு. விளைச்சல் மட்டும் தெரியாது. எல்லாப் பண்ணைகளுக்கும் போய் அளக்க முடியாது, ஐந்து முறைதான் போய்வர முடியும். பத்திலும் சேர்த்து மொத்தம் எத்தனை டன் விளைந்தது என்று சொல்ல வேண்டும். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அதே ஐந்து அளவீடுகளிலிருந்து சொல்ல வேண்டும்.

பண்ணைகள் ஒரே அளவில் இருந்தால் எளிய சமவாய்ப்பு மாதிரியே போதும். இங்கே ஒரு பண்ணை 12 ஹெக்டேர், இன்னொன்று 90 ஹெக்டேர். எல்லாவற்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தால், பெரிய பண்ணை மாதிரியில் விழுந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே விடை ஏறி இறங்கும். அதனால் பெரியதற்குப் பெரிய வாய்ப்பும் சிறியதற்குச் சிறிய வாய்ப்பும் கொடுத்துத் தேர்ந்தெடுக்கிறோம். பிறகு கணக்கிடும்போது அந்த வாய்ப்பால் வகுத்து ஈடுகட்டுகிறோம். ஹான்சன், ஹர்விட்ஸ் இருவரும் 1943இல் இந்த முறைக்கான மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இன்றும் அது அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது.

இந்த வழிகாட்டியில் நான் பிடித்துக்கொண்டு போகும் கருத்து ஒன்றே ஒன்று: ஒவ்வொரு குலுக்கலும் தனித்து நின்று மொத்தத்துக்கு ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. இது பிடிபட்டுவிட்டால் பரவற்படி வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அது தானாக வந்துவிடும்.

வாய்ப்புகளை அமைத்தல்

பரப்பளவை x என்போம். பத்துப் பண்ணைகளின் பரப்பும், அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்த திரள் கூட்டலும் இதோ.

| பண்ணை | x (ஹெக்டேர்) | திரள் கூட்டல் | எண் வரம்பு |
|---|---|---|---|
| 1 | 12 | 12 | 001–012 |
| 2 | 75 | 87 | 013–087 |
| 3 | 30 | 117 | 088–117 |
| 4 | 48 | 165 | 118–165 |
| 5 | 20 | 185 | 166–185 |
| 6 | 90 | 275 | 186–275 |
| 7 | 15 | 290 | 276–290 |
| 8 | 60 | 350 | 291–350 |
| 9 | 35 | 385 | 351–385 |
| 10 | 15 | 400 | 386–400 |

மொத்தப் பரப்பு X = 400. ஒரு குலுக்கலில் i ஆவது பண்ணை விழும் வாய்ப்பு p = x/X. ஆறாவது பண்ணைக்கு 90/400 = 0.225; முதல் பண்ணைக்கு 12/400 = 0.03. எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். வராவிட்டால் திரள் கூட்டலில் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். களத்துக்குப் போகுமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். மாதிரி எடுத்து முடித்த பிறகு திருத்த வழியில்லை.

பட்டியலில் எந்தப் பண்ணைக்கும் x சுழியாக இருக்கக் கூடாது. பரப்பு பதிவாகவில்லை என்பதற்காக 0 என்று எழுதி வைத்தால் அந்தப் பண்ணை ஒருபோதும் தேர்வாகாது. அதன் விளைச்சல் மொத்தத்திலிருந்து ஓசையில்லாமல் காணாமல் போகும், மாதிரி எவ்வளவு பெரிதானாலும் அந்தக் குறை தீராது.

குலுக்கல்

001 முதல் 400 வரை ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுங்கள். அது எந்த வரம்புக்குள் விழுகிறதோ அந்தப் பண்ணை தேர்வு. மூன்றிலக்க எண் அட்டவணையைப் பயன்படுத்தினால் 000த்தையும் 400க்கு மேற்பட்டவற்றையும் தள்ளிவிட வேண்டும். தேர்வான பண்ணையைப் பட்டியலிலிருந்து நீக்காமல், அதே வாய்ப்புகளோடு அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். "திரும்ப வைத்து" என்பது இதைத்தான் சொல்கிறது.

நமக்கு வந்த எண்கள் 231, 064, 308, 140, 247 என்று வைத்துக்கொள்வோம். அவை முறையே 6, 2, 8, 4, 6 ஆகிய பண்ணைகளைக் காட்டுகின்றன. ஆறாவது பண்ணை இரண்டு முறை வந்துவிட்டது. அப்படியே வைத்திருங்கள். இதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பட்டியல் மிக நீளமாக இருந்து, திரள் கூட்டல் போடுவது சிரமமானால் லஹிரி 1951இல் தந்த வழி உண்டு. 1 முதல் பண்ணைகளின் எண்ணிக்கையான N வரை ஒரு எண்ணும், 1 முதல் மிகப் பெரிய x வரை இன்னொரு எண்ணும் எடுங்கள். இரண்டாவது எண் அந்தப் பண்ணையின் x ஐத் தாண்டாவிட்டால் பண்ணையை ஏற்றுக்கொள்ளுங்கள். தாண்டினால் இரண்டு எண்களையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். நம் பட்டியலில் ஒரு தேர்வுக்குச் சராசரியாக 10 × 90 / 400 = 2.25 முயற்சிகள் ஆகும். கணினி கையில் இருந்தால் இதற்குத் தேவையே வராது.

மொத்தத்தை மதிப்பிடுதல்

தேர்வான பண்ணைகளில் விளைச்சலை அளந்தாயிற்று. அதை y என்போம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் z = y/p என்று கணக்கிடுகிறோம்.

| குலுக்கல் | பண்ணை | y (டன்) | p | z = y/p |
|---|---|---|---|---|
| 1 | 6 | 297 | 0.2250 | 1320 |
| 2 | 2 | 225 | 0.1875 | 1200 |
| 3 | 8 | 192 | 0.1500 | 1280 |
| 4 | 4 | 168 | 0.1200 | 1400 |
| 5 | 6 | 297 | 0.2250 | 1320 |

கடைசி நிரலை நிதானமாகப் பாருங்கள். முதல் வரி சொல்வது இது: இந்தப் பண்ணை மொத்தப் பரப்பில் 22.5 சதவீதம், விளைச்சலும் அதே பங்குதான் என்றால் மொத்தம் 1320 டன். இரண்டாவது வரி தன் கணக்கில் 1200 என்கிறது. ஐந்து வரிகளும் ஒரே கேள்விக்கு ஐந்து விடைகளைத் தருகின்றன.

ஒவ்வொரு விடையும் சராசரியில் சரியாகவே இருக்கும். z இன் எதிர்பார்க்கப்படும் மதிப்பைக் கணக்கிட, ஒவ்வொரு பண்ணையின் y/p ஐ அதன் வாய்ப்பு p யால் பெருக்கிக் கூட்ட வேண்டும். p யும் p யும் அடிபட்டு y க்களின் கூட்டல் மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் உண்மையான மொத்தம் Y. இதற்கு விளைச்சலும் பரப்பும் விகிதசமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. விகிதம் சரியாக அமைந்தால் துல்லியம் கூடும். அமையாவிட்டாலும் மதிப்பீடு பிறழ்ச்சியற்றதாகவே இருக்கும்.

ஐந்து விடைகளின் சராசரியே நம் மதிப்பீடு:

```
T = (1320 + 1200 + 1280 + 1400 + 1320) / 5 = 6520 / 5 = 1304
```

p ஆல் வகுக்க மறந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். ஐந்து விளைச்சல்களின் சராசரி 235.8. அதைப் பத்தால் பெருக்கினால் 2358 டன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரிய பண்ணைகளுக்கு நாமே கூடுதல் வாய்ப்புக் கொடுத்துவிட்டு, அதை ஈடுகட்டாமல் விட்டதன் விளைவு இது. ஒரு மென்பொருள் இந்த முறை மாதிரிக்குச் சந்தேகப்படும்படி பெரிய மொத்தத்தைத் தந்தால், 1/p என்ற எடைகள் உள்ளே போகவில்லையோ என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாதிரியிலிருந்தே பரவற்படி

ஐந்து குலுக்கல்களும் ஒன்றையொன்று பாதிக்காதவை, ஒரே வாய்ப்புகளோடு நடந்தவை. ஆகவே ஐந்து z களும் ஒரே பரவலிலிருந்து தனித்தனியே வந்த ஐந்து எண்கள். அத்தகைய எண்களின் சராசரிக்குப் பரவற்படி காண எல்லோருக்கும் தெரிந்த வழியே இங்கும் செல்லும்: மாதிரிப் பரவற்படியை, குலுக்கல்களின் எண்ணிக்கையான n ஆல் வகுக்க வேண்டும்.

```
v(T) = Σ (z − T)² / (n (n − 1))
```

விலக்கங்கள் முறையே 16, −104, −24, 96, 16. அவற்றின் வர்க்கங்கள் 256, 10816, 576, 9216, 256; கூட்டல் 21120. n(n − 1) = 5 × 4 = 20. ஆகவே v(T) = 1056, அதன் வர்க்கமூலமான திட்டப் பிழை 32.5 டன், அதாவது மதிப்பீட்டில் சுமார் 2.5 சதவீதம்.

கீழே n − 1 ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரிகளில் விடை சொல்லலாம். ஒரு குலுக்கலின் பரவற்படியை V₁ என்றால், Σz² இன் எதிர்பார்ப்பு n(V₁ + Y²). nT² இன் எதிர்பார்ப்பு V₁ + nY². இரண்டையும் கழித்தால் (n − 1)V₁ மிஞ்சும். அதை n(n − 1) ஆல் வகுத்தால் V₁/n, அதாவது T யின் உண்மையான பரவற்படி. இந்த இரண்டு வரிகளிலும் இரு பண்ணைகள் சேர்ந்து தேர்வாகும் வாய்ப்பு என்று எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். திரும்ப வைக்காமல் எடுக்கும் முறைகளில் அந்த இணை வாய்ப்புகளைக் கணக்கிடுவதுதான் பெரும் பாடு. திரும்ப வைப்பதால் கொஞ்சம் துல்லியத்தை இழக்கிறோம்; மாற்றாக, கையால் போடக்கூடிய பரவற்படி கிடைக்கிறது. பல சூழல்களில் இது இலாபகரமான பேரம் என்பதே என் எண்ணம்.

நம்பிக்கை இடைவெளிக்கு 1.96 ஐப் பயன்படுத்த வேண்டாம். ஐந்தே குலுக்கல்கள் என்றால் கட்டின்மைக் கூறுகள் நான்கு. t அட்டவணையில் 95 சதவீதத்துக்கு 2.776. ஆகவே 1304 ± 2.776 × 32.5, அதாவது சுமார் 1214 முதல் 1394 டன் வரை.

R மொழியில் இதே கணக்கு:

```r
x <- c(12,75,30,48,20,90,15,60,35,15)
p <- x / sum(x)
s <- c(6, 2, 8, 4, 6)
y <- c(297, 225, 192, 168, 297)
z <- y / p[s]
mean(z)              # 1304
var(z) / length(z)   # 1056
```

மாதிரியை R இலேயே எடுப்பதானால் `sample(10, 5, replace = TRUE, prob = p)` என்று எழுதுங்கள். `replace = TRUE` விட்டுப்போனால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் தேர்வு வேறு வகையில் நடந்துவிடும், மேலே உள்ள இரண்டு வாய்ப்பாடுகளும் அதற்குப் பொருந்தாது. பைத்தானில் `numpy.var` இயல்பாக n ஆல் வகுக்கிறது. `ddof=1` கொடுத்தால்தான் சரியான விடை வரும். n = 5 ஆக இருக்கும்போது இந்தச் சிறு மறதி பரவற்படியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டிவிடும்.

உண்மையோடு ஒப்பிட்டால்

நாமே அமைத்த எடுத்துக்காட்டு என்பதால் மற்றப் பண்ணைகளின் விளைச்சலையும் வெளிப்படுத்தலாம்: பண்ணை 1இல் 42, 3இல் 99, 5இல் 58, 7இல் 54, 9இல் 105, 10இல் 42 டன். பத்தும் சேர்ந்து Y = 1282. நம் 1304 அதிலிருந்து 22 டன் தள்ளி நிற்கிறது.

முழுத் தொகுதியும் தெரிந்தால் உண்மையான பரவற்படியையும் கணக்கிடலாம். ஒவ்வொரு பண்ணைக்கும் p (y/p − Y)² கண்டு கூட்டினால் V₁ = 7036. ஐந்தால் வகுத்தால் 1407.2, திட்டப் பிழை 37.5. மாதிரி தந்தது 32.5. ஐந்து எண்களிலிருந்து வந்த பரவற்படிக்கு இந்த வேறுபாடு சாதாரணமே.

இதே தொகுதியில் எல்லாப் பண்ணைகளுக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் திரும்ப வைத்து ஐந்து எடுத்திருந்தால் திட்டப் பிழை சுமார் 375 டன் ஆகியிருக்கும், பத்து மடங்கு. இங்கே ஹெக்டேருக்கு விளைச்சல் 2.8 முதல் 3.6 டன் வரைதான் மாறுகிறது. y/p கிட்டத்தட்ட நிலையாக இருப்பதால்தான் இவ்வளவு ஆதாயம். எல்லாத் தொகுதியிலும் இப்படி அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டு முறை வந்த பண்ணை

"ஒரே பண்ணையை இரண்டு முறை எண்ணுவானேன்? ஒன்றை நீக்கிவிட்டு நான்கைக் கொண்டு கணக்கிடலாமே" என்று தோன்றும். நீக்கிப் பார்த்தால் சராசரி 1300, திட்டப் பிழை 41.6 என்று வரும். பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்து ஏமாந்துவிட வேண்டாம். கெட்டுப்போவது எங்கே என்று தேர்வு வாய்ப்புகளில் தெரியும்.

ஐந்து குலுக்கல்களில் ஆறாவது பண்ணை வரும் தடவைகளின் எதிர்பார்ப்பு 5 × 0.225 = 1.125, ஒன்றுக்கும் மேல். நகல்களை நீக்கினால் அது ஒரு முறையாவது வரும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும்: 1 − 0.775⁵ ≈ 0.72. முதல் பண்ணைக்கு எதிர்பார்ப்பு 0.15, ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 0.141. சிறிய பண்ணை ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை. பெரிய பண்ணை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. இனி தேர்வு பரப்புக்கு விகிதசமமாக இல்லை, ஆகவே y/p களின் சராசரியும் பிறழ்ச்சியற்றதாக இல்லை. நகலை நீக்கிவிட்டு, ஐந்து வரும்வரை இன்னொரு குலுக்கல் எடுப்பதும் இதே தவறுதான்.

களத்தில் மறுபடி அளக்க வேண்டியதில்லை. பண்ணை முழுவதையும் அளந்திருந்தால் அதே y யை இரண்டு வரிகளில் எழுதினால் போதும். தரவுக் கோப்பில் பண்ணைக்கு ஒரு வரி என்று வைக்காமல் குலுக்கலுக்கு ஒரு வரி என்று வைப்பதே பாதுகாப்பு. இல்லாவிட்டால் கோப்பைத் துப்புரவு செய்பவர் நகல் வரியைப் பிழை என்று எண்ணி நீக்கிவிடுவார்.

பண்ணைக்குள் சில பாத்திகளை மட்டும் எடுத்து விளைச்சலை மதிப்பிடுகிறீர்கள் என்றால் நிலைமை மாறும். அப்போது ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக, முந்தைய தடவையைப் பாராமல் பாத்திகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பண்ணை மொத்தத்தின் மதிப்பீடு பிறழ்ச்சியற்றதாக இருந்தால், அதை y இருந்த இடத்தில் வைத்து அதே v(T) யைக் கணக்கிடலாம். பாத்திகளால் வரும் பிழையும் z களின் சிதறலில் ஏற்கனவே கலந்திருப்பதால் தனியாக ஒரு உறுப்பைச் சேர்க்க வேண்டியதில்லை. இந்த வாய்ப்பாடு பெரிய கணக்கெடுப்புகளில் நிலைத்து நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பேன்.

பட்டியல் பழையதானால்

இந்த முறையின் மெய்யான ஆபத்து, சிறியது என்று பதிவான ஒரு பெரிய அலகு. பத்தாவது பண்ணை பட்டியலில் 15 ஹெக்டேர். ஆனால் இப்போது 45 ஆக விரிந்து 144 டன் தருகிறது என்று கொள்வோம். உண்மையான மொத்தம் 1384 ஆகிறது. அந்தப் பண்ணையின் p இன்னும் 0.0375; ஆகவே z = 3840.

ஐந்தாவது குலுக்கலில் ஆறாவது பண்ணைக்குப் பதில் இது வந்திருந்தால் T = 1808, திட்டப் பிழை சுமார் 509. ஒரே வரி மொத்தக் கணக்கையும் இழுத்துச் சென்றுவிட்டது. அதைக் கண்டு பதறி, களத்தில் அளந்த 45 ஹெக்டேரை வைத்து p யைத் திருத்தக் கூடாது. குலுக்கல் எந்த வாய்ப்பில் நடந்ததோ அதே வாய்ப்பால்தான் வகுக்க வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது அந்தப் பண்ணை வராதபோது நடப்பது. ஐந்து குலுக்கல்களிலும் அது வராமல் இருக்கும் வாய்ப்பு 0.9625⁵ ≈ 0.83. அப்போது z கள் எல்லாம் 1300ஐ ஒட்டியே நிற்கும், திட்டப் பிழை சிறியதாகத் தெரியும், எந்த எச்சரிக்கையும் வராது. v(T) பிறழ்ச்சியற்றது என்றால் எல்லா மாதிரிகளின் சராசரியில் சரி என்றுதான் பொருள். பெரும்பாலான மாதிரிகளில் குறைவாகவும் சிலவற்றில் மிக அதிகமாகவும் இருந்தே அந்தச் சராசரி சரியாகிறது. ஆகவே மாதிரி எடுக்குமுன் மிகச் சிறிய x களைத் தனியே சோதியுங்கள். நம்ப முடியாதவற்றுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை வைத்து p யை உயர்த்துங்கள். p எதுவாக இருந்தாலும் பிறழ்ச்சி வராது என்று மேலே கண்டோம், எனவே குலுக்கலுக்கு முன் செய்யும் வரை இந்தத் திருத்தத்துக்குத் தடையில்லை.

எத்தனை குலுக்கல்கள்

நம் மாதிரியிலிருந்து V₁ இன் மதிப்பீடு 1056 × 5 = 5280. திட்டப் பிழை 20 டன் வேண்டுமானால் 5280 / 400 = 13.2, ஆகவே 14 குலுக்கல்கள். பத்தே பண்ணைகள் இருக்கும் தொகுதியில் குலுக்கல்கள் பண்ணைகளைவிட அதிகமாகிவிட்டன, ஆனாலும் பிழை சுழியாகவில்லை. குலுக்கல்களின் எண்ணிக்கை அலகுகளின் எண்ணிக்கையை நெருங்கும்போதும், ஏதாவது ஒரு அலகின் np ஒன்றைத் தாண்டும்போதும் அந்தப் பெரிய அலகுகளைக் கட்டாயத் தேர்வாக்கி முழுமையாக அளந்துவிட்டு, மீதிக்கு மட்டும் குலுக்கல் நடத்துங்கள். நம் பட்டியலில் ஆறாவது பண்ணையை அப்படி வெளியே எடுத்தால் மீதிப் பரப்பு 310 ஹெக்டேர். எல்லா p களையும் அதன் அடிப்படையில் மறுபடி கணக்கிட்டு, வரும் மதிப்பீட்டோடு 297 டன்னைக் கூட்ட வேண்டும். அந்த 297க்குப் பரவற்படி கிடையாது.